அத்தை வைத்த சித்தரத்தைக் கஷாயம்

செய்தியைக் கொண்டுவந்தது முசிறி பஸ்ஸின் கண்டக்டர். ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாசலில் நின்று, ஆயாவிடம் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆயா வந்து சொன்னாள். என் மாமியார் நல்லம்மாள் அன்று காலை முசிறியில், சின்ன மகன் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில், குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து உயிரை விட்டுவிட்டார். நான் தலையை ஆட்டினேன். பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடித்து, பிள்ளைகளை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அழுகை வரவில்லை. இன்றைக்கு இருபத்தி இரண்டாவது நாள். இன்னும் வரவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருவானைக்காவலில் எங்கள் தெருவில் இருப்பவர்கள், முசிறிச் சொந்தக்காரர்கள், தொண்டை வலிக்கும் இருமலுக்கும் அவரிடம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். உங்களில் பலருக்கு அவரைப் பற்றி ஒரு விஷயம் தெரியும். அதில் பாதிதான் தெரியும்.

நான் கல்யாணமாகி வந்த வருஷம் அவர் முசிறியில் வாழைத்தோட்டத்தையும் மாடுகளையும் சின்ன மகனிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். நான் வேலைக்குப் போகிறவள். வீடு அத்தையின் கையில் இருந்தது. அதிகம் பேசமாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஆனால் அவருக்குப் பிடிக்காதது நடந்தால் வீடே இறுகிப்போகும். என் மகள் கோமதி ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது சளி பிடித்தது. அத்தையிடம் சொல்லாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் மருந்து வாங்கி வந்தேன். அத்தை பாட்டிலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நானே போய் இனிமேல் கேட்காமல் போகமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைத்தார். அப்போது எனக்கு இருபத்தி மூன்று வயது. அந்த இரண்டு நாளை நான் மறக்கவே இல்லை.

அவருடைய வைத்தியத்தையும் குறைத்துச் சொல்லமாட்டேன். தொண்டை வலி என்றால் அவர் செய்வதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சித்தரத்தைத் துண்டு ஒன்று, அதிமதுரக் குச்சி சுண்டுவிரல் நீளம், பத்து மிளகு. மூன்றையும் அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்குவார். பொடியாக்கமாட்டார், பொடியானால் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டு இருமல் வரும் என்பார். ஒரு செம்புத் தண்ணீரில் போட்டுச் சின்னத் தணலில் வைத்து, கால் செம்பாகச் சுண்டியதும் வடிகட்டுவார். அதில் காய்ச்சிய பால், ஒரு சிட்டிகை மஞ்சள். அடுப்பிலிருந்து இறக்கி, கொஞ்சம் ஆறிய பிறகுதான் பனங்கற்கண்டு. கொதியிலேயே போட்டால் சில நேரம் பால் திரிந்துவிடும். குழந்தைக்கு ஒரு பாலாடையில் பாதி, மெல்ல மெல்ல, நாக்கின் பின்பக்கம் இறங்குகிற மாதிரி. வெந்நீரில் உப்புக் கரைத்து நாளைக்கு நாலு தடவை கொப்பளிக்கவைப்பார். கடைசியாக, மஞ்சளோடு அரிசி அளவு சுண்ணாம்பைக் குழைப்பார். அது குங்குமச் சிவப்பாக மாறும். அதைத் தொண்டையின் வெளிப்பக்கம் மெல்லிசாகப் பூசுவார். சுண்ணாம்பு கூடினால் பிள்ளையின் தோல் வெந்துவிடும் என்று முதலில் தன் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்துக்கொள்வார். அந்தக் கஷாயத்தைக் குடித்த பிள்ளைகளுக்குச் சுகம் தெரிந்தது உண்மை. நானும் குடித்திருக்கிறேன். எச்சில் விழுங்கும்போது குத்துகிற வலி அரைமணியில் மட்டுப்படும்.

கோமதிக்கு ஏழு வயதில், ஐப்பசி மழையில், அந்தக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே உடம்பு சுட்டது. தண்ணீர் விழுங்கவே அழுதாள். இருமல் இல்லை. மூக்கில் சளி இல்லை. இதை இப்போது எழுதும்போது அழுத்திச் சொல்கிறேன். அப்போது அதற்கு ஓர் அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாது. அத்தை கஷாயம் வைத்தார். மறுநாள் மத்தியானம் அத்தை கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, கோமதியை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தேன். உள்ளே இரண்டு பக்கமும் சதை வீங்கிச் சிவந்திருந்தது. அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், நொய்யரிசியை அப்பியது போல. தாடைக்குக் கீழே கை வைத்தேன். இரண்டு பக்கமும் நெல்லிக்காய் போலத் திரண்டிருந்தது. தொட்டதும் கையைத் தட்டிவிட்டாள்.

கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு அத்தையிடம் போனேன். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடலாமா என்று மட்டும் கேட்டேன். புள்ளியைப் பற்றிச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் பார்த்தேன் என்று ஆகிவிடுமே என்று இருந்தது. கணவரும் ஊரில் இல்லை.

"ரெண்டு நாளு பாப்போம் சரோஜா. இறங்கலைன்னா நானே கூட்டிட்டு வரேன்" என்றார் அத்தை. பிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு, கோபமில்லாமல்தான் சொன்னார். நான் சரி என்றேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நாலாம் நாள் தோசை கேட்டாள். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தையின் கையை மெச்சினார்கள். நான் மனசுக்குள் பயந்ததற்காக வெட்கப்பட்டேன். வெள்ளைப் புள்ளி எல்லாம் வந்து போகிறதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்து சில நாளில், ஒரு காலை கோமதியால் எழுந்து நிற்க முடியவில்லை. வலது முழங்கால் வீங்கிச் சிவந்து கொதித்தது. போர்வை பட்டால்கூடக் கத்தினாள். விளையாடும்போது விழுந்திருப்பாள் என்றார்கள். அத்தை உப்பு ஒத்தடம் கொடுத்தார். இரண்டு நாளில் முழங்கால் வடிந்துவிட்டது. ஆனால் இடது கணுக்கால் வீங்கியது. அது குறைவதற்குள் வலது மணிக்கட்டு. காய்ச்சலும் திரும்பியது. இடம் விட்டு இடம் மாறுகிற வீக்கத்தை அத்தையும் பார்த்ததில்லை. மணிக்கட்டைத் தன் உள்ளங்கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து புடவை மாற்றிக்கொண்டு வந்து, கிளம்பு என்றார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

கோமதியை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குப் போனோம். டாக்டர் வயதானவர். மூட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இடம் மாற்றி வைத்தார். குழந்தையை இடது பக்கமாகப் படுக்கவைத்து மறுபடி கேட்டார். நிமிர்ந்து, போன மாதம் தொண்டை வலி வந்ததா என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அத்தைதான் சொன்னார்.

"வந்துச்சுங்க. டாக்டர்கிட்ட போகலாம்னு எம் மருமக சொன்னா. நான்தான் வேணாம்னு கஷாயம் குடுத்தேன்."

டாக்டர் அவரைத் திட்டவில்லை. எங்கள் இருவருக்கும் புரியும்படி சொன்னார். தொண்டை வலியில் பெரும்பாலானவை சளி இருமலோடு வந்து தானாகப் போகிறவை. கஷாயமோ வெந்நீரோ எதுவும் சுகம் தரும். சிலது மட்டும் வேறு கிருமியால் வரும். அதிலும் வலியும் காய்ச்சலும் நாலைந்து நாளில் தானாகவே அடங்கிவிடும். ஆனால் கிருமி உள்ளே இருக்கும். அதை எதிர்க்கக் கிளம்புகிற உடம்பின் சக்தி, சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத் தன் மூட்டுகளையும் இருதயத்தையுமே தாக்கும். மூட்டில் வந்தது முழுக்கப் போய்விடும். இருதயத்தில் வந்தது தழும்பை விட்டுப் போகலாம். கோமதியின் இருதயத்தில் ஒரு கதவு சரியாக மூடாமல் ரத்தம் கொஞ்சம் பின்னுக்குக் கசிகிற சத்தம் கேட்கிறது என்றார்.

அத்தை கேட்டார்: "கஷாயத்தால வந்துச்சுங்களா?"

"இல்லம்மா. கஷாயம் கெடுதல் பண்ணலை. வலியக் குறைச்சுது, அவ்வளவுதான். குடுக்காட்டியும் வலி போயிருக்கும். அப்பவே பென்சிலின் போட்டிருந்தா, இது வராமத் தடுத்திருக்கலாம்."

அத்தை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு வாரம். கட்டிலை விட்டு இறங்கக்கூடாது, மலஜலமும் படுக்கையிலேயே. தினமும் பென்சிலின் ஊசி பத்து நாள். ஆஸ்பிரின் மாத்திரை வேளைக்கு வேளை. முதல் இரண்டு நாளிலேயே மூட்டு வலி பறந்துவிட்டது. காதுக்குள் வண்டு சத்தம் கேட்கிறது என்று கோமதி சொன்னதும் நர்ஸ் டாக்டரிடம் சொல்லி, மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள். வலி போனதும் குழந்தைக்கு ஓடவேண்டும். அவளைப் படுக்கவைத்திருந்ததுதான் பெரிய பாடு. பகலெல்லாம் அத்தை, கோமதிக்கு அப்பாயி, கூட இருந்தார். பள்ளிக்கூடம் முடிந்து நான் போவேன். அவர் எழுந்து எனக்கு ஸ்டூலை விடுவார். நாங்கள் குழந்தை சாப்பிட்டதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வோம்.

வெளியே வந்தபின், இனி தொண்டையில் அந்தக் கிருமி திரும்பவும் வரவே கூடாது, ஒவ்வொரு தடவை வந்தாலும் இருதயம் இன்னும் கெடும் என்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை நீண்ட நாள் வேலை செய்கிற பென்சிலின் ஊசி எழுதிக்கொடுத்தார்கள். பால் போல வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். ஊசித் துளையே அடைத்துக்கொள்ளும். போட்ட இடம் இரண்டு நாள் கல்லாக இருக்கும். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை அகிலாண்டேஸ்வரி சன்னிதிக்குப் போகிற பழக்கத்தை வைத்து எண்ணிக்கொள்வார். நாலாவது வெள்ளி கோவில் கிடையாது, ஆஸ்பத்திரி. மழை, காய்ச்சல், கல்யாணம், என் இரண்டாவது பிரசவம், எதற்கும் அது தள்ளிப்போனதில்லை. அவருடைய சொந்தத் தங்கை இறந்த அன்று ஊசி நாளாக இருந்தது. ஊசியைப் போட்டுக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுத்தான் முசிறிக்கு பஸ் ஏறினார். அதற்கும் ஊரில் பேச்சு வந்தது.

வைத்தியத்தை அவர் விட்டுவிடவில்லை, மாற்றிக்கொண்டார். யார் பிள்ளையைத் தூக்கி வந்தாலும் முதலில் இருமல் இருக்கா, மூக்கு ஒழுகுதா என்று கேட்பார். தாடைக்குக் கீழே தடவிப் பார்ப்பார். வாசலுக்கு இழுத்துப் போய் வெயிலில் வாயைத் திறக்கச் சொல்வார். இருமலும் சளியும் இருந்தால் அம்மிக்குப் போவார். இருமலே இல்லாமல் காய்ச்சலும் நெறிகட்டும் இருந்தால், ஒரு சொட்டுகூடக் கொடுக்கமாட்டார். எதிர் வீட்டு வசந்தா தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நானும் வீட்டில் இருந்தேன். அத்தை பார்த்துவிட்டு, டாக்டரிடம் போ என்றார். கஷாயத்தையாவது கொடுங்கள், காலையில் போகிறேன் என்றாள் வசந்தா.

"குடுத்தா வலி குறையும். குறைஞ்சா நீ காலையில போகமாட்ட" என்றார் அத்தை.

வசந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பிறகு டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை, சாதாரணத் தொண்டை வலிதான் என்று அனுப்பிவிட்டாராம். நல்லம்மாளுக்குப் பயம் பிடித்துவிட்டது, கை போய்விட்டது என்று தெருவில் சிரித்தார்கள். இன்னொரு தடவை இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு டாக்டர் பத்து நாள் பென்சிலின் போட்டார். அதை யாரும் வந்து சொல்லவில்லை. நாங்களாகக் கேள்விப்பட்டோம். இரண்டுக்கும் அத்தை ஒரே மாதிரிதான் இருந்தார்.

பத்து வருஷம் போய்விட்டது. கோமதி இப்போது காலேஜில் முதல் வருஷம். கசிகிற சத்தம் இன்னும் இருக்கிறது, கூடவில்லை. மாடி ஏறுகிறாள், சைக்கிள் விடுகிறாள். ஊசி தொடர்கிறது. இன்னும் எத்தனை வருஷம் என்று டாக்டர் சொல்லவில்லை.

இவ்வளவு காலமும் சொந்தத்தில் ஒரே பேச்சு: பாட்டி வைத்தியம் பார்த்துப் பேத்தியின் நெஞ்சைக் கெடுத்துவிட்டாள். என் அம்மா சொன்னார். கொழுந்தன் மனைவி சொன்னாள். என் கணவரே இரண்டு முறை, அத்தையின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அத்தை மறுத்ததில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். முசிறியில் அவரை வெளியே கொண்டுவந்து கிடத்தியிருந்தபோது, ஓர் அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் புள்ளைக்குச் செஞ்சத நெனச்சு நெனச்சே போய்ச் சேந்துட்டா" என்றார். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தையின் கால்மாட்டில் ஒரு மஞ்சள் துணி சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்கிறேன். அத்தை கஷாயம் கொடுத்தபோது அவருக்குத் தெரிந்தது காய்ச்சலும் வலியும் மட்டும். வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தவள் நான். நெறிகட்டைத் தொட்டவள் நான். சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பாரா, மாட்டாரா, தெரியாது. சொல்லவில்லை. டாக்டர் கேட்டபோதும் சொல்லவில்லை. பத்து வருஷம் அந்தப் பழி ஒருத்தர் மேலேயே இருக்க விட்டுவிட்டேன்.

இதை முதலில் படிக்கவேண்டியவள் கோமதி என்று, நேற்று சாயங்காலம் இதுவரை எழுதிய தாள்களை அவளிடம் கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து படித்தாள். நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். படித்து முடித்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அப்பாயிக்குத் தெரியும்மா" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க கரண்டிய வச்சு வாய்க்குள்ள பாத்தீங்கன்னு நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது. நெஞ்சுல இந்தச் சத்தம் ஏன் வந்துச்சுன்னு அப்பாயி என்கிட்ட பேசிட்டிருந்தாங்க, அப்ப சொன்னேன்."

என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"'உங்கம்மா என்கிட்ட சொல்லப் பயந்துட்டா. சொல்ல முடியாதபடி நான் நடந்துக்கிட்டேன். அதுவும் என் தப்புதான், அவள கேக்காத'ன்னாங்க."

அரிசித் தண்ணீர் கையில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து வருஷம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் எழுந்து எனக்கு ஸ்டூலை விட்டபோதும் தெரிந்திருக்கிறது.

அத்தையிடமிருந்து எனக்கு வந்த பொருள் என்று எதுவும் இல்லை. தோடு இரண்டும் கோமதிக்குப் போயிற்று, புடவைகளைக் கொழுந்தன் மனைவி எடுத்துக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்னும் யாராவது வாசலில் வந்து நிற்கிறார்கள். இருமல் இருக்கா, மூக்கு ஒழுகுதா என்று கேட்கிறேன். வாயைத் திறக்கச் சொல்லி வெயிலில் பார்க்கிறேன். பிறகு, பார்த்தது எதுவானாலும் அதைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்.